ஹோம் ஆட்டோமேஷன் ஜூனியர் டெக்னீஷியன் வேலைக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்

திண்டுக்கல்_டிப்ளமோ

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம்தான் டிப்ளமோ இஇஇ முடித்தேன். மதுரையில் வீடுகளுக்கு ஸ்மார்ட் ஸ்விட்ச், சென்சார், கேட் மோட்டார் எல்லாம் மாட்டிக்கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம் ஜூனியர் டெக்னீஷியன் தேவை என்று போட்டிருக்கிறது. விளம்பரமே தமிழில்தான் வந்தது. பயோடேட்டாவோடு ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதமும் கேட்டிருக்கிறார்கள். நான் எழுதியது இது:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தில் ஜூனியர் டெக்னீஷியன் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். நான் மின் மற்றும் மின்னணுப் பொறியியலில் டிப்ளமோ முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றுள்ளேன். இறுதியாண்டில் மொபைல் மூலம் வீட்டு விளக்குகளை இயக்கும் ஐஓடி புராஜெக்ட் செய்துள்ளேன். கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றும் திறன் உள்ளவன், புதியவற்றைக் கற்கும் ஆர்வம் உள்ளவன். வாய்ப்பளித்தால் நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன். நன்றி."

இதில் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம்?

மாடிவீடு

தம்பி, நல்ல முயற்சி. எங்கள் வீட்டிலும் ஹால், இரண்டு பெட்ரூம் ஆட்டோமேஷன் பண்ணலாம் என்று இருக்கிறேன், பழைய ஒயரிங்தான். நீங்கள் திண்டுக்கல் என்றால் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியுமா? கேட்டுக்கும் ஒரு மோட்டார் வேண்டும்.

திண்டுக்கல்_டிப்ளமோ

சார், நான் இன்னும் வேலையிலேயே சேரவில்லை. வேலைக்கு எழுதிய கடிதத்தைப் பற்றித்தான் கேட்டேன்.

ஆறுபேர்_கடை

நானும் இதே தொழிலில் ஒரு சின்ன நிறுவனம் நடத்துகிறேன், மதுரை இல்லை, ஆனால் இதே மாதிரி விளம்பரம் போட்டு இதே மாதிரி கடிதங்களை வாங்கியவன், அதனால் நேராகவே சொல்கிறேன். உன் கடிதத்தில் பெயரை மாற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். முதல் வகுப்பு என்பது மார்க் ஷீட்டில் இருக்கிறது. ஐஓடி புராஜெக்ட் என்பது இப்போது டிப்ளமோ முடித்து வரும் பையன்களில் முக்கால்வாசிப் பேர் எழுதுவது: ஒரு ஈஎஸ்பி போர்டு, நாலு சேனல் ரிலே, பலகையில் நாலு பல்பு. அதை வைத்து உன்னை வாடிக்கையாளர் வீட்டுக்குள் அனுப்ப எனக்குத் தைரியம் வராது.

எங்கள் வேலையில் ஆப் பக்கம் கொஞ்சம்தான். பெரும்பாலான நேரம் பதினைந்து இருபது வருடப் பழைய ஸ்விட்ச்போர்டைத் திறந்து, உள்ளே யாரோ எப்படியோ இழுத்து வைத்திருக்கும் ஒயரில் எது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் போகும். அதைச் செய்திருக்கிறாயா? எங்கேயாவது, யார் கூடவாவது? அதை எழுது. செய்ததே இல்லை என்றால் அதையும் சொல், பரவாயில்லை, கற்றுக்கொடுப்போம். ஆனால் "குழுவாகப் பணியாற்றும் திறன்" என்ற வரி எனக்கு எதுவும் சொல்லவில்லை.

கோவை_ஈசிஇ

நானும் டிப்ளமோதான், ஈசிஇ. போன வருடம் இதே வேலைக்கு எழுதினேன். மூன்று இடத்தில் "ஏணி ஏற வேண்டியிருக்கும், பெண்களுக்குச் சரிவராது" என்று போனிலேயே முடித்துவிட்டார்கள். நாலாவது இடத்தில் கடிதத்திலேயே "ஏணி ஏறுவேன், டிரில்லிங் செய்திருக்கிறேன், டூவீலர் லைசென்ஸ் இருக்கிறது, பகலில் தனியாக சைட்டுக்குப் போவேன்" என்று எழுதினேன். கூப்பிட்டார்கள், இப்போது அங்கேதான் இருக்கிறேன். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் என்னை அனுப்புவது அவர்களுக்கும் வசதி. உங்கள் விஷயம் வேறு, ஆனாலும் டூவீலர், லைசென்ஸ், எவ்வளவு தூரம் போவீர்கள் என்பதை எழுதுங்கள். திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்கு தினமும் வந்து போவீர்களா, அங்கேயே தங்குவீர்களா என்றுதான் அவர்கள் முதலில் யோசிப்பார்கள்.

திண்டுக்கல்_டிப்ளமோ

நன்றி அக்கா, தங்குவதற்கு மதுரையில் சித்தி வீடு இருக்கிறது, அதை எழுதவில்லை.

ஆறுபேர்_கடை அண்ணா, லீவு நாட்களில் எங்கள் தெருவில் இருக்கும் லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் ஒருவரோடு ஹெல்ப்பராகப் போவேன். சம்பளம் என்று இல்லை, சாப்பாடு, செலவுக்குக் கொஞ்சம் பணம். சர்டிபிகேட் எதுவும் கிடையாது, அதனால் கடிதத்தில் போடலாமா என்று தெரியவில்லை.

அதில் ஒரு வீடு மட்டும் ஸ்மார்ட் ஸ்விட்ச் போட்ட வீடு. வேறு யாரோ மாட்டியது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஓடுகிறது, ஆனால் ஹாலிலும் ஒரு ரூமிலும் லைட் எரியாது, மற்ற ரூமில் எரியும். இன்வெர்ட்டர் மெக்கானிக் வந்து பேட்டரியைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று போய்விட்டாராம். அப்புறம்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். போர்டுக்குப் பின்னால் இருந்த மாட்யூலைப் பார்த்தோம், சரி பண்ணினோம். இதை எழுதலாமா?

பழைய_சூப்பர்வைசர்

இதைத்தான் எழுத வேண்டும் தம்பி! ஆனால் "பார்த்தோம், சரி பண்ணினோம்" என்று முடித்துவிட்டால் எப்படி? என்ன பார்த்தீர்கள், எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள், என்ன மாற்றினீர்கள், அதில் உன் கை எவ்வளவு? இங்கே சொல், கடிதத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

திண்டுக்கல்_டிப்ளமோ

சரி சார். அந்த ஹால் போர்டுக்கு இரண்டு பேஸ் வருகிறது. ஒன்று நேராக ஈபி லைன், அதில் பிளக் பாயிண்ட் மட்டும். இன்னொன்று இன்வெர்ட்டர் வழியாக வருவது, அதில் லைட், ஃபேன். மாட்யூலை மாட்டியவர் லைட்டுக்குப் போகும் பேஸை இன்வெர்ட்டர் லைனில் சரியாகத்தான் கொடுத்திருந்தார். ஆனால் மாட்யூல் தான் ஓடுவதற்கு வேண்டிய சப்ளையைப் பக்கத்தில் இருந்த பிளக்கின் பேஸிலிருந்து எடுத்துவிட்டார். கரண்ட் போனதும் மாட்யூல் செத்துவிடும், ரிலே திறந்துகொள்ளும். லைட்டுக்கு வரும் பேஸ் உயிரோடு இருந்தும் ரிலேயைத் தாண்டிப் போக வழியில்லை. சுவர் ஸ்விட்ச்சைத் தட்டினாலும் எரியாது, ஏனென்றால் அந்த ஸ்விட்ச் இப்போது மாட்யூலுக்குச் சிக்னல் மட்டும்தான் கொடுக்கிறது.

கண்டுபிடித்தது எப்படி என்றால், கரண்ட் போகும் வரை காத்திருக்காமல் ஈபி மெயினை ஆஃப் செய்துவிட்டு, போர்டைத் திறந்து மல்டிமீட்டரில் பார்த்தோம். ரிலே காமனுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம் காட்டியது, மாட்யூலின் சப்ளை முனையில் ஒன்றுமே இல்லை. மீட்டர் வைத்தது நான். பிறகு இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்துவிட்டு, சப்ளை பேஸை லைட் லைனுக்கு மாற்றினோம். ஒயரை மாற்றியது நான்தான், அவர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

ஆறுபேர்_கடை

இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்தாய் என்று சொன்னாயே, அது நல்ல பையன் செய்கிற வேலை. ஈபி மெயினை மட்டும் இறக்கிவிட்டு இன்வெர்ட்டர் லைனில் கை வைத்து ஷாக் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு கேள்வி. பேஸை மாற்றினாய் சரி, நியூட்ரலை எங்கிருந்து எடுத்தாய்?

திண்டுக்கல்_டிப்ளமோ

அதையும் மாற்றச் சொன்னார் அண்ணா. முதலில் பிளக்கின் நியூட்ரலில் இருந்தது, லைட் லைனோடு வரும் நியூட்ரலுக்கு மாற்றினோம். ஏன் என்று அப்போது எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை, எல்லா நியூட்ரலும் கடைசியில் ஒன்றுதானே என்று கேட்டேன். ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச், அடிக்கும் என்று மட்டும் சொன்னார்.

ஆறுபேர்_கடை

உன் ஒயர்மேன் விவரமானவர். பல வீடுகளில் இன்வெர்ட்டருக்குப் போகும் லைனை ஆர்சிசிபிக்கு முன்னாலேயே எடுத்திருப்பார்கள். அப்படி இருக்கும்போது பேஸ் ஆர்சிசிபியைச் சுற்றிக்கொண்டு வந்து, நியூட்ரல் மட்டும் ஆர்சிசிபி வழியாகத் திரும்பினால், போனதும் வந்ததும் அதன் கணக்கில் ஒத்துப்போகாது. வீட்டில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லிஆம்ப் வித்தியாசம் வந்தால் அடிக்கும் ஆர்சிசிபி. ஒரு மாட்யூல் தனக்கென்று இழுப்பது சில மில்லிஆம்ப்தான், அதனால் ஒன்றிரண்டு மாட்டும்போது எதுவும் தெரியாது, டெக்னீஷியன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். நாலு ரூமுக்கும் மாட்டி முடித்தபிறகு எல்லாம் கூடிக்கொண்டு எப்போதாவது ராத்திரியில் அடிக்கும். ஃபிரிட்ஜைச் சந்தேகப்படுவார்கள், வாஷிங் மெஷினைச் சந்தேகப்படுவார்கள், நம் மாட்யூல் பக்கம் யாரும் வரமாட்டார்கள். பேஸ் எந்த லைனில் எடுத்தோமோ நியூட்ரலும் அதே லைனில். இதை நீ கடிதத்தில் ஒரு வரியாக எழுதியிருந்தால் நான் அன்றைக்கே போன் செய்திருப்பேன்.

மின்வேலை_ராஜபாளையம்

நியூட்ரலுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. பழைய வீட்டில் பாதி போர்டில் நியூட்ரலே இருக்காது, மாடிப்படி டூவே ஸ்விட்ச் பாக்ஸில் சுத்தமாக இருக்காது. நான் எர்த் ஒயரை நியூட்ரலாகக் கொடுத்துவிடுவேன். மாட்யூல் ஜோராக ஓடும். கடிதத்தில் "நியூட்ரல் இல்லாத போர்டிலும் மாட்டத் தெரியும்" என்று போடு தம்பி, உடனே எடுப்பார்கள்.

பழைய_சூப்பர்வைசர்

ஓடும் என்பது உண்மை. சப்ளை பக்கத்தில் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருப்பதால் கரண்ட் திரும்பிப் போக வழி கிடைக்கிறது, அவ்வளவுதான். ஆர்சிசிபி இருக்கும் வீட்டில் இப்போது சொன்ன அதே காரணத்தால் அது அடிக்கும். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் அடிக்காது, அதுதான் இன்னும் மோசம். எர்த் ஒயர் எங்கேயாவது அறுந்தாலோ எர்த் குழி காய்ந்துபோனாலோ, மாட்யூல் வழியாக வரும் பேஸ் அந்த எர்த்தில் சேர்ந்திருக்கும் ஃபிரிட்ஜ், கிரைண்டர், கீசர் பாடி எல்லாவற்றிலும் வந்து நிற்கும். ஈரக் கையோடு தொடுபவருக்குச் சுருக்கென்று இருக்கும், அதற்கு மேலும் ஆகலாம்.

நியூட்ரல் இல்லாத பாக்ஸுக்கு இரண்டே வழி. பக்கத்து போர்டிலிருந்து பைப்பில் ஒரு ஒயரை இழுப்பது. பைப் அடைத்திருந்தால் நியூட்ரல் தேவைப்படாத ஸ்விட்ச் என்று விற்பதை வாங்குவது. அதில் எல்இடி பல்பு அணைத்தபிறகும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கலாம், அந்த ஸ்விட்ச் தன் தேவைக்கான கரண்டைப் பல்பு வழியாகவே இழுப்பதால். கூடவே ஒரு சின்ன கெப்பாசிட்டரைத் தருவார்கள், பல்புக்கு இணையாகப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும், எல்லாப் பல்புக்கும் இல்லை. தம்பி, எர்த்தில் கொடுப்பேன் என்று எழுதினால் நல்ல நிறுவனம் கடிதத்தை ஓரம்கட்டிவிடும்.

மின்வேலை_ராஜபாளையம்

பத்துப் பதினைந்து வீட்டில் கொடுத்திருக்கிறேன், இதுவரை யாரும் கம்ப்ளைன்ட் சொல்லவில்லை. உங்கள் விருப்பம்.

கோவை_ஈசிஇ

டிப்ளமோ தம்பி, இன்னொன்று. ஹெல்ப்பராகப் போனதற்குச் சர்டிபிகேட் இல்லை என்று தயங்க வேண்டாம், ஆனால் ஒயர்மேனோடு போனேன் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். தனியாகவே வீட்டு ஒயரிங்கில் கை வைத்தேன் என்ற மாதிரி தொனித்தால் அது உங்களுக்கு எதிராகப் போகும். அந்த ஒயர்மேனிடம் கேட்டுவிட்டு அவர் போன் நம்பரைப் பயோடேட்டாவில் போடுங்கள். எங்கள் இடத்தில் அப்படிப் போட்டிருந்தால் கட்டாயம் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

வைஃபை பக்கம் என்ன தெரியும் என்றும் இரண்டு வரி வேண்டும். எங்களுக்கு வரும் கம்ப்ளைன்டில் நிறைய இதுதான்: வீட்டுக்காரர் ரவுட்டரை மாற்றுவார், புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்ட், அத்தனை ஸ்விட்ச்சும் ஆப்பில் ஆஃப்லைன். இந்த மாட்யூல்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் சேரும், அவர் ரவுட்டரில் அது அணைக்கப்பட்டிருந்தாலும் இதே கதை. புது ரவுட்டரில் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்து, 2.4ஐ ஆன் செய்தால் பெரும்பாலும் தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும்.

திண்டுக்கல்_டிப்ளமோ

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன்:

"ஐயா, வணக்கம். ஜூனியர் டெக்னீஷியன் வேலைக்கு எழுதுகிறேன். இந்த ஆண்டு டிப்ளமோ இஇஇ முடித்தேன். கல்லூரி விடுமுறைகளில் லைசென்ஸ் பெற்ற ஒயர்மேன் ஒருவருக்கு ஹெல்ப்பராக வீட்டு ஒயரிங் வேலைக்குப் போயிருக்கிறேன்; அவருடைய எண் பயோடேட்டாவில் உள்ளது.

ஒரு வீட்டில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஓடியும் ஸ்மார்ட் ஸ்விட்ச்சில் இருந்த லைட்டுகள் மட்டும் எரியவில்லை. ஈபி மெயினை அணைத்து மீட்டர் வைத்துப் பார்த்தபோது லைட்டுக்கு வரும் பேஸ் இருந்தது, மாட்யூலின் சப்ளை இல்லை. சப்ளையை ஈபி லைனில் எடுத்திருந்தார்கள். இரண்டு லைனையும் அணைத்துவிட்டு, ஒயர்மேன் மேற்பார்வையில் பேஸையும் நியூட்ரலையும் லைட் லைனுக்கு மாற்றினேன். பேஸ் எந்த லைனிலோ நியூட்ரலும் அதே லைனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆர்சிசிபி டிரிப் ஆகும் என்பதை அங்கேதான் கற்றேன்.

மல்டிமீட்டர், டிரில்லிங், பைப்பில் ஒயர் இழுப்பது பழக்கம். மாட்யூலை வைஃபையில் சேர்ப்பது கல்லூரி புராஜெக்டில் செய்தது. கேட் மோட்டார், கேமரா வேலை செய்ததில்லை. டூவீலரும் லைசென்சும் உண்டு. மதுரையில் உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வேன், அடுத்த வாரமே சேர முடியும். நேரில் அழைத்தால் ஒரு போர்டில் மாட்டிக் காட்டத் தயார்."

ஆறுபேர்_கடை

இப்போது இது உன் கடிதம். கேட் மோட்டார் தெரியாது என்று எழுதியதை எடுக்காதே. முதல் வாரம் எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பழைய_சூப்பர்வைசர்

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. "அங்கேதான் கற்றேன்" வரியோடு அந்தப் பத்தி போதும், ஆனால் கடிதத்தில் சம்பளம் ஒன்றும் இல்லை. எதிர்பார்ப்பு எவ்வளவு என்று ஒரு வரி வேண்டும், இல்லையென்றால் ஹெல்ப்பர் கூலியில் ஆரம்பித்துவிடுவார்கள். அதோடு நாட்ஸில் பதிவு செய்துவிடு. தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பயிற்சி வாரியம் நடத்துவது, டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒரு வருட அப்ரென்டிஸ், உதவித்தொகை உண்டு, முடித்தால் சான்றிதழ் கிடைக்கும்.

ஆறுபேர்_கடை

நாட்ஸ் பதிவு செய்யட்டும், நல்லதுதான், ஆனால் எங்களை மாதிரிச் சின்னக் கடைகள் அந்த வழியில் ஆள் எடுப்பது அபூர்வம். சம்பளத்தைக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்றுதான் சொல்வேன், நேரில் போர்டை மாட்டிக் காட்டியபிறகு பேசினால் அவன் கை ஓங்கியிருக்கும்.

கோவை_ஈசிஇ

நான் எழுதினேன், கேட்டதைவிடக் குறைவாகத்தான் கொடுத்தார்கள், ஆனால் எழுதாமல் போன என் தோழிக்கு அதைவிடவும் குறைவு. இதில் பழைய_சூப்பர்வைசர் சார் பக்கம்தான் நான்.

திண்டுக்கல்_டிப்ளமோ

சம்பளம் பற்றி வீட்டில் கேட்டுவிட்டு முடிவெடுக்கிறேன். ஆறுபேர்_கடை அண்ணா, நேரில் கூப்பிட்டால் போர்டில் என்ன மாட்டச் சொல்வார்கள்?

ஆறுபேர்_கடை

அவரவர் இஷ்டம். நான் வைப்பது இது: நாலு ஸ்விட்ச், ஒரு ஃபேன், ஒரு கீசர் பாயிண்ட், இரண்டு பேஸ் வரும் போர்டு. எது ஈபி, எது இன்வெர்ட்டர் என்று சொல்லமாட்டேன். மாட்யூலைக் கையில் எடுப்பதற்கு முன் அதைக் கண்டுபிடிக்கிறானா என்று பார்ப்பேன். அடுத்தது கீசர். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்ப் பக்கம் இழுக்கும். பத்து ஆம்ப் என்று அச்சடித்த ரிலேயில் அதைக் கொடுத்தால் முதல் நாள் ஓடும், கொஞ்ச நாளில் ரிலேயின் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டு அணையவே அணையாது. பெரிய லோடைத் தாங்கும் கான்டாக்டர் வேண்டும் என்று கேட்கிறானா என்று பார்ப்பேன். கேட்டால் அடுத்த கேள்வி: கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அந்த கீசர் எந்த நிலையில் வர வேண்டும்? மாட்யூலின் செட்டிங்கில் பழைய நிலை, ஆன், ஆஃப் என்று மூன்று இருக்கும்.

திண்டுக்கல்_டிப்ளமோ

ஆஃப். பழைய நிலை என்று வைத்தால் வீட்டில் ஆளில்லாதபோது கரண்ட் வந்து கீசர் தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

ஆறுபேர்_கடை

சரி. ஃபேனுக்கு ரெகுலேட்டரை என்ன செய்வாய் என்பதையும் யோசித்து வை. பழைய ரெகுலேட்டரைக் கழற்றாமல் அதன் மேல் ஸ்பீடு மாற்றும் மாட்யூலைக் கொடுத்தால் ஃபேன் உறுமும், ஸ்பீடு சரியாக மாறாது.

மாடிவீடு

மன்னிக்கவும், இடையில் நுழைகிறேன். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆர்சிசிபி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பழைய_சூப்பர்வைசர்

மெயின் பெட்டியைத் திறங்கள். எம்சிபிகளைவிட அகலமான ஒன்று, அதில் டி என்றோ டெஸ்ட் என்றோ எழுதிய சின்னப் பட்டன் இருந்தால் அதுதான். பட்டனை அழுத்தினால் கரண்ட் கட் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் மாட்யூல் எதையும் வாங்குவதற்கு முன் அதை மாற்றுங்கள்.